பேரை ஒருக்கா கேட்ட ஆள் ஒரே தரத்தில தட்டி எடுக்கோணும்

"அண்ணை, நான் கிளிநொச்சி. போன், சார்ஜர், பவர் பேங்க் மாதிரி சாமானுகளைக் கொஞ்ச நாள் பாவிச்சுப் பாத்துட்டு உள்ளதைச் சொல்லுற சேனல் ஒண்டு தொடங்கப் போறன். Vanni Tech எண்டு வைக்கவா, இல்லாட்டி Tamil Gadget Review எண்டு வைச்சா தேடுற ஆக்களுக்கு லேசா வருமா? Engada Gadgets எண்டும் ஒண்டு மனசில கிடக்கு. ஹாண்டில் கிடைக்காட்டி நடுவில _ போட்டு எடுக்கலாமா?"

தம்பி, முதல்லயே சொல்லுறன், மூண்டும் வேண்டாம், _ உம் வேண்டாம். ஏன் எண்டு ஆறுதலாச் சொல்லுறன், ஏனெண்டா அது விளங்கினா நாலாவது பேரை நீங்களே கண்டுபிடிப்பீங்கள். எனக்கு போன் திருத்துற கடை, எட்டு வருசமா அதோட சேத்து எங்கட பக்கத்துப் பெடியளின்ர சேனலுகளுக்குத் தலைப்பு, விபரம், தேடல் சொல் எல்லாம் பாத்துக் குடுக்கிறன். பேர் பிழைச்சு ஆறு மாசத்துக்குப் பிறகு மாத்தின ஆக்களை நான் கிட்ட இருந்து பாத்திருக்கிறன், அதால கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போறன்.

Tamil Gadget Review ஐ முதல் எடுப்பம். இதில நீங்கள் ரெண்டு வேலையை ஒண்டாக் கட்டிப் போட்டீங்கள். ஒரு போனைப் பற்றி அறிய வாற ஆளுக்கு உங்கட வீடியோ கிடைக்கிறது ஒரு வேலை. உங்கட வீடியோவை ஒருக்காப் பாத்த ஆள் பிறகு உங்களைத் தேடி வந்து பிடிக்கிறது வேற வேலை. முதல் வேலையைச் செய்யிறது வீடியோவின்ர தலைப்பு, விபரம், உள்ளுக்க நீங்கள் கதைக்கிற விசயம், ஆக்கள் அதை எவ்வளவு நேரம் நிண்டு பாக்கினம் எண்டது. சேனல் பேருக்கு அதில பெரிய பங்கு இல்லை. ரெண்டாவது வேலைக்குத்தான் பேர் வேணும், அந்த இடத்தில Tamil Gadget Review எண்டது கடைக்குப் பேர் "பலசரக்குக் கடை" எண்டு மட்டும் போட்ட மாதிரி. அந்த மூண்டு சொல்லையும் ஆரும் தட்டினா, தமிழில போன் காட்டுற எல்லாற்ற வீடியோவும் வரும், பல வருசமா ஓடுற பெரிய சேனல்காரர் எல்லாம் மேல நிப்பினம், நீங்கள் எங்கயோ கீழ. உங்கட பேரையே தட்டித் தேடின ஆளை நீங்களே மற்றவையிட்ட அனுப்பி விட்ட மாதிரி ஆகும்.

இன்னொண்டு, gadget எண்ட சொல்லை எங்கட சனம் தட்டுதா எண்டு பாத்தீங்களா? என்ர கடைக்கு வாற ஒருத்தரும் இண்டுவரைக்கும் "அண்ணை நல்ல கேட்ஜெட் ஒண்டு காட்டுங்கோ" எண்டு கேட்டதில்லை. போன், சார்ஜர், ஹெட்செட், பவர் பேங்க் எண்டுதான் கேப்பினம், அப்பிடித்தான் தட்டியும் தேடுவினம். யூடியூபில ஒரு போன் மொடலின்ர பேரைப் பாதி தட்டிப்போட்டு கீழ விழுகிற சொல்லுகளைப் பாருங்கோ, price in Sri Lanka, camera test, Tamil எண்டு விழும். அதெல்லாம் உண்மையா ஆக்கள் தட்டின சொல்லுகள். இதை உங்கட கணக்கில இருந்து பாத்தா நீங்கள் முந்தித் தேடினதும் கலந்து வரும், அதால இன்காக்னிடோ ஜன்னலில பாருங்கோ. கூகுள் ட்ரெண்ட்ஸிலயும் பாக்கலாம், அங்க வெப் தேடலை யூடியூப் தேடலா மாத்தி நாட்டை இலங்கையா வைச்சு phone, gadget ரெண்டையும் ஒப்பிட்டா எது எவ்வளவு ஓடுது எண்டு கோடு போட்டுக் காட்டும். ஆனா ஊர் அளவில போய்ப் பாத்தா தரவு காணாது எண்டுதான் வரும், வன்னிக்கு மட்டும் எண்டு தேடி நேரத்தைச் செலவழிக்காதைங்கோ.

இப்ப Vanni Tech. உங்களுக்கு இந்தப் பேரில இருக்கிற பாசம் எனக்கு விளங்குது, எனக்கும் இருக்கு. பிரச்சினை எழுத்தில. ஒருத்தர் V போட்டு Vanni எண்டு எழுதுவார், மற்றவர் W போட்டு Wanni எண்டு எழுதுவார், இங்கிலிசில ரெண்டும் புழக்கத்தில இருக்கு, சிங்கள ஆக்கள் கூடுதலா W தான். அதுக்கு மேல அந்தச் சொல்லுக்கு வேற சொந்தக்காரரும் இருக்கினம், வன்னி எண்டு ஒரு மரம் இருக்கு, தமிழ்நாட்டில வன்னியர் பற்றின விசயம் எல்லாம் அதே எழுத்துகளோட வரும். நீங்கள் கிளிநொச்சிக்காரன் எண்டதை சேனல் விபரத்தில எழுதுங்கோ, வீடியோவில காட்டுங்கோ, பரந்தன் சந்தியில நிண்டு கவரேஜ் டெஸ்ட் பண்ணுங்கோ, அது பேரை விடக் கூட ஒட்டும்.

தமிழ்ச் சொல்லை இங்கிலிஸ் எழுத்தில எழுதேக்க வாற இந்தக் குழப்பம்தான் எங்கட ஆக்கள் பேர் வைக்கேக்க கவனிக்காம விடுற பெரிய விசயம். ஒரு தம்பி "முகில்" எண்டு தொடங்கிற ஒரு பேரோட வந்தவர், கேக்க நல்ல வடிவான பேர். நான் ஒண்டும் சொல்லேல்ல, கடையில நிண்ட அஞ்சு பேரிட்ட அந்தப் பேரை ஒரு தரம் வாயால சொல்லி அவையின்ர போனில தட்டச் சொன்னன். ஒருத்தர் mukil, ஒருத்தர் mugil, ஒருத்தர் muhil, ஒரு அக்கா mugill எண்டு ரெண்டு l, கடைசி ஆள் திரும்ப mukil. அஞ்சு பேர், நாலு எழுத்து. அந்தத் தம்பியின்ர ஹாண்டிலோ இந்த நாலும் இல்லை, mukil எடுபட்டுப் போச்சு எண்டு _ உம் ஒரு நம்பரும் போட்டு வைச்சிருந்தவர். அவரின்ர சொந்த மச்சானே தேடிப் பாத்துட்டு பாட்டுத்தான் வருது எண்டு சொன்னவராம்.

ஏன் இப்பிடி நடக்குது எண்டா, தமிழில ஒரு எழுத்து, இங்கிலிசில அதுக்கு ரெண்டு மூண்டு எழுத்து. சொல்லின்ர நடுவில வாற க, k யும் ஆகும் g யும் ஆகும் h உம் ஆகும். த வந்தா t, th, dh. ச வந்தா s, ch. நடுவில ட வந்தா t யா d யா எண்டு ஆளுக்கு ஆள் மாறும். ழ வந்தா சொல்லவே வேண்டாம். நெடில் வந்தா aa போடுறவர் ஒரு பக்கம், a மட்டும் போடுறவர் ஒரு பக்கம். அப்ப மிஞ்சுறது ம, ந, ர, முதல் எழுத்தா வாற ப, குறில் உயிர், இவ்வளவுதான். ஆனா அதுக்குள்ளயும் ஒரு பேர் எடுக்கலாம்.

Engada Gadgets இல வேற ஒரு குழி இருக்கு. எங்களுக்கு அது "எங்கட", வாசிச்ச உடன வீட்டு ஆள் கதைக்கிற மாதிரி இருக்கு. ஆனா அதே எழுத்தைத் தமிழ்நாட்டு ஆள் வாசிச்சா "எங்கடா", எங்க இருக்கிறாய் எண்டு கேக்கிற மாதிரி. அந்தச் சொல்லோட வாற வீடியோக்கள் சரியான கன, எங்கட சின்னச் சேனல் அதுக்குள்ள அமிழ்ந்து போகும். இங்கிலிஸ் எழுத்துக்கு மாறேக்க ல, ள, ழ வித்தியாசமும், குறில் நெடிலும், சொல் எங்க பிரியுது எண்டதும் போயிடும், அதால நீங்கள் நினைச்ச சொல் அங்க வேற சொல்லா நிக்கும். குளம் எண்டு ஒரு பேர் வைக்கலாம் எண்டு நானே ஒருக்கா யோசிச்சனான், கனகராயன்குளம், அது இது எண்டு எங்கட பஸ் போர்டு எல்லாத்திலயும் kulam எண்டு ஒரே மாதிரி எழுதியிருக்கிறதால எழுத்துக் குழப்பம் வராது. ஆனா kulam எண்டு தட்டினா குலமும் அதுதான், சாதி சம்பந்தமான விசயமெல்லாம் சேந்து வரும். விட்டிட்டன்.

சரி, அப்ப எப்பிடி ஒரு பேர் கட்டுறது? நான் சொல்லுறது ரெண்டு சொல்லு. ஒண்டு சனம் ஏற்கனவே தட்டுற சொல், மற்றது அந்தப் பக்கமே இல்லாத, கண்ணுக்கு முன்னால வாற ஒரு சாமான். Unbox Therapy எண்ட யூடியூப் சேனலைப் பாருங்கோ, unbox எண்டதைப் பெட்டி உடைச்சுக் காட்டுறது பாக்கிற ஆள் ஏற்கனவே தட்டுவார், therapy எண்டது அந்த இடத்தில ஒருத்தரும் எதிர்பாக்காதது, சேத்துத் தட்டினா அவர் மட்டும்தான். MKBHD வேற மாதிரி, Marques Brownlee தன்ர முதல் எழுத்துகளோட HD ஐச் சேத்தது, தேடல் சொல்லே அதில இல்லை. அவருக்கு அது சரி வந்தது, ஆனா புது ஆள் ஒருத்தர் எழுத்துக் கூட்டத்தைப் பேரா வைச்சா கேட்டவருக்கு அது ஞாபகத்தில நிக்காது, நான் அதை எங்கட பெடியளுக்குச் சொல்லுறதில்லை.

உங்களுக்கு நான் செய்து பாத்த ஒண்டைச் சொல்லுறன். முதல் சொல் phone. நீங்கள் சார்ஜர், பவர் பேங்க் எல்லாம் காட்டினாலும் அதெல்லாம் போனைச் சுத்தித்தான் நிக்குது, அதால phone எண்டு வைச்சா கை கட்டுப்படாது. நாளைக்கு லாப்டொப், டிவி எண்டு போற யோசனை உறுதியா இருந்தா மட்டும் வேற சொல் பாருங்கோ. ரெண்டாவது சொல்லுக்கு மேல சொன்ன பத்திரமான எழுத்துகளுக்க நிண்டு தேடினன். பனை நல்லா இருந்தது, ஆனா panai எண்டா பானையும் அதுதான். மணி எண்டா mani, அது ஆக்களின்ர பேர். மரம் வந்தது. ம, ர, ம், எல்லாம் குறில், maram எண்டு தவிர வேற மாதிரி ஒருத்தரும் எழுத மாட்டினம். மறமும் அதே எழுத்துத்தான், ஆனா அதை ஆர் தேடப் போகினம். தனிய maram எண்டு வைச்சா மணிப்பூரில Maram எண்டு ஒரு இடமும் அதே பேரில ஒரு சனமும் இருக்கு, அதெல்லாம் வரும். phone ஓட சேந்தா அந்தப் பிரச்சினை விலகும். Phone Maram. கேட்ட உடன மனசில ஒரு படம் வருது, நீங்களும் ஒவ்வொரு வீடியோவிலயும் ஒரே பாலை மரத்துக்குக் கீழ இருந்து கதைச்சீங்கள் எண்டா பேரும் இடமும் ஒண்டா ஆகும். இதைத்தான் வைக்கோணும் எண்டு நான் சொல்லேல்ல, எப்பிடி வடிகட்டுறது எண்டு காட்டத்தான் எழுதினன். இதையே எடுக்கிறதெண்டாலும், எடுக்க முதல் யூடியூப் தேடலில ஃபில்டரை சேனல் எண்டு வைச்சு அந்தப் பேரில ஆரும் இருக்கினமா எண்டு பாருங்கோ, பிறகு கூகுளில தட்டி அது எழுத்தைத் திருத்தி வேற சொல்லுக்குக் கொண்டு போகுதா எண்டும் பாருங்கோ. திருத்திச்செண்டா அந்தப் பேரை விடுங்கோ, நீங்கள் பெரிசா வளருற வரைக்கும் அது திருத்திக் கொண்டுதான் இருக்கும்.

பேருக்கும் ஹாண்டிலுக்கும் உள்ள வித்தியாசம் என்னெண்டா, யூடியூபில ஒரே பேரில எத்தினை சேனலும் இருக்கலாம், ஹாண்டில் மட்டும் ஒராளுக்கு ஒண்டு. அதால ஹாண்டில் கிடைக்குதா எண்டு பாத்துப்போட்டுத்தான் பேரை முடிவெடுக்கோணும், மாறிச் செய்தா பிறகு _ தேடி ஓட வேண்டி வரும். யூடியூப் ஹாண்டில் 3 எழுத்தில இருந்து 30 எழுத்து வரை, டிக்டொக்கில 24, இன்ஸ்டகிராமில 30, எக்ஸில 15 தான். _ ஐ பேஸ்புக் பக்கத்தின்ர யூசர்நேமில போட ஏலாது, புள்ளியை எக்ஸ் ஏற்காது, - எண்ட நடுக்கோட்டை யூடியூப் ஏற்கும் இன்ஸ்டகிராம் ஏற்காது. அப்ப எல்லா இடத்திலயும் ஒரே ஹாண்டில் வேணுமெண்டா 15 க்குள்ள, வெறும் எழுத்து மட்டும். phonemaram பத்து எழுத்து, சரியா நிக்கும்.

_ வேண்டாம் எண்டதுக்கு இன்னொரு காரணம், வாயால சொல்ல ஏலாது. கூட்டாளியிட்ட போனில "அண்டர்ஸ்கோர்" எண்டு சொல்லிப் பாருங்கோ, "என்னது?" எண்டு கேப்பார். லிங்கில கீழ கோடு விழுந்தா அந்த _ கண்ணுக்கே தெரியாது, இடைவெளி மாதிரி இருக்கும். சொல்லு ரெண்டும் ஒட்டுற இடத்தையும் பாக்கோணும். gadgettamil எண்டு ஒரு ஹாண்டில் எடுத்தா நடுவில t ரெண்டு வரும், பாதிப் பேர் ஒண்டுதான் போடுவினம். phonemaram இல e யும் m உம் முட்டுற இடம் சுத்தமா இருக்கு. ஒருவேளை எடுபட்டுப் போயிருந்தா நம்பர் ஒண்டும் போடாதைங்கோ, 123 ஐயும் 007 ஐயும் ஆரும் ஞாபகம் வைக்க மாட்டினம். பின்னால lk போடுங்கோ, phonemaramlk, இலங்கை எண்டு சொன்னாலே அந்த ரெண்டு எழுத்தும் விளங்கும், 12 எழுத்துத்தான். கம்பனிப் பேர் எதையும் ஹாண்டிலுக்க கொண்டு வராதைங்கோ, அது அவையின்ர வர்த்தகக் குறி, அதோட நாளைக்கு வேற கம்பனி போனை நீங்கள் நல்லது எண்டு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டினம்.

ஹாண்டிலைத் தமிழ் எழுத்திலயே வைச்சா என்ன எண்டு கேப்பீங்கள். எனக்கும் ஆசைதான். ஆனா டிக்டொக், இன்ஸ்டகிராம் ரெண்டும் இங்கிலிஸ் எழுத்தைத்தான் ஏற்கும். லிங்கை கொப்பி பண்ணி வாட்ஸ்அப்பில போட்டாலும் தமிழ் எழுத்து உடைஞ்சு போறதுண்டு, "மரம்" எண்ட சின்னச் சொல்லே இப்பிடி நிக்கும்:

```
%E0%AE%AE%E0%AE%B0%E0%AE%AE%E0%AF%8D
```

36 எழுத்து, பாத்த ஆள் வைரஸ் லிங்க் எண்டு தொடாம விட்டிடும். அதால ஹாண்டிலை இங்கிலிஸ் எழுத்திலயும், சேனல் பேரை ரெண்டு எழுத்திலயும் வையுங்கோ: Phone Maram போன் மரம். தமிழை அதில சேக்கிறது வெறும் அழகுக்கு இல்லை, இப்ப கன சனம் மைக்கை அமத்திக் கதைச்சுத்தான் தேடுது, தமிழ் (இலங்கை) எண்டு வைச்சிருக்கிற போன் கேட்டதைத் தமிழ் எழுத்தில அடிக்கும், அப்ப உங்கட பேரும் தமிழில இருந்தாத்தான் பொருந்தும். இங்கிலிஸ் எழுத்து முன்னுக்கு வரட்டும், வீடியோவுக்குக் கீழ இடம் காணாட்டி பின்பக்கம்தான் வெட்டுப்படும்.

முடிவெடுக்க முதல் நான் கடையில செய்த அதே சோதினையைச் செய்யுங்கோ. அஞ்சு பேருக்குக் கோல் எடுங்கோ, ஒராள் அம்மா வயசு, ஒராள் பள்ளிக்கூடப் பெடியன், ஏலுமெண்டா ஒராள் தமிழ்நாட்டில இருக்கிற ஆள். பேரை ஒரு தரம் மட்டும் சொல்லுங்கோ, எழுத்துக்கூட்டிச் சொல்லாதைங்கோ, தட்டிட்டு ஸ்க்ரீன்ஷொட் அனுப்பச் சொல்லுங்கோ. நாலு பேர் ஒரே மாதிரித் தட்டினா காணும். பிறகு ரெண்டு நாள் விட்டு, "அண்டைக்கு நான் சொன்ன பேர் என்ன?" எண்டு கேளுங்கோ. எழுத்துச் சரியா வந்தும் இதில விழுகிற பேர் இருக்கு, அது இன்னும் கவலை, ஏனெண்டா அந்தப் பேரில பிழை எண்டு சொல்ல ஒண்டுமில்லை, ஒட்டேல்ல, அவ்வளவுதான். சோதினையில நிண்ட உடன அண்டைக்கே எல்லா இடத்திலயும் ஹாண்டிலை எடுத்து வையுங்கோ, வீடியோ போட ஒரு மாசம் செண்டாலும் பரவாயில்லை.

பிழைச்சா மாத்தலாம், யூடியூபில 14 நாளுக்குள்ள ரெண்டு தரம் ஹாண்டில் மாத்த விடும், பழையதை 14 நாள் உங்களுக்கெண்டு பிடிச்சு வைச்சிருக்கும், அதுக்குப் பிறகு வேற ஆக்கள் எடுக்கலாம். ஆனா நீங்கள் வீடியோவுக்குள்ள வாயால சொன்ன பேரையும், வேற ஆக்கள் தங்கட குரூப்பில எழுதி வைச்சதையும் மாத்த ஏலாது, முதல் பத்து வீடியோவுக்கு முதல் மாத்தினா மாத்தினதுதான்.

தொடங்கின கிழமை உங்கட பேரைத் தட்டினா நீங்களே வராம இருக்கலாம், பயப்பிடாதைங்கோ, கொஞ்சப் பேர் அந்தப் பேரைத் தட்டி உங்கட சேனலைத் திறந்தாத்தான் அது பழகும். ஒரு மாசம் வரைக்கும் நான் பொறுத்துப் பாக்கச் சொல்லுவன். வீடியோத் தலைப்பை மட்டும் சனம் தட்டுற சொல்லால எழுதுங்கோ, உங்கட பேரைத் தலைப்பில போடாதைங்கோ, Samsung A15 Tamil review, 3 மாசம் பாவிச்ச பிறகு எண்ட மாதிரி. ஒரு மாசத்துக்குப் பிறகு ஸ்டூடியோவில அனலிடிக்ஸுக்குப் போய், ஆக்கள் எங்க இருந்து வந்தவை எண்ட பகுதியில யூடியூப் தேடலைத் திறவுங்கோ, அவை தட்டின சொல்லுகள் அப்பிடியே வரிசையா இருக்கும். அதுக்குள்ள phone maram எண்டு ஒரு வரி வந்தா ஆரோ உங்களைத் தேடித்தான் வந்திருக்கினம். fone maram, phone marram எண்டு பிழையாத் தட்டினதும் இருந்தா அதை டேக்கில போடுங்கோ. டேக் பெருசா உதவாது எண்டு யூடியூபே சொல்லுது, பிழையா எழுதுற சொல்லுக்கு மட்டும்தான் அது உதவும் எண்டும் சொல்லுது, உங்களுக்கு வேண்டியது அதுதானே. அந்த வரிசையில உங்கட பேர் ரெண்டு மாசமா வரவே இல்லையெண்டா, வீடியோ கடைசியில பேரைத் தெளிவாச் சொல்லுறீங்களா எண்டு முதல்ல பாருங்கோ, அதைப் பாக்க முதல் பேரை மாத்த வெளிக்கிடாதைங்கோ.